காதால் இணையும் இரண்டு காட்சிகள்

ஐம்பது நிமிட வகுப்பு ஒன்று முடிகிறது. ஆசிரியரின் லேப்டாப்பில் ஓடிய ஸ்லைடுகள் திரைப்பதிவாக ஒரு கோப்பில் இருக்கின்றன. வகுப்பறையின் நடுவே முக்காலியில் நின்ற கேமராவில், அவர் பேசியது இன்னொரு கோப்பாக இருக்கிறது. மாணவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டும் அல்ல, ஒன்று. பெரிய திரையில் ஸ்லைடு, அதன் ஓரத்தில் சிறு சட்டத்துக்குள் ஆசிரியர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே தெளிவான குரல். கைப்பேசியில் இறக்கிக்கொண்டு பேருந்தில் பார்க்கும்படியான ஒற்றைக் கோப்பு.

இந்த அமைப்பு நம் ஊர் மாணவர்களுக்குப் பழகியதுதான். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களில் பலவும் இப்படித்தான் வருகின்றன. ஸ்லைடை மட்டும் காட்டிப் பின்னால் குரலை ஓடவிட்டாலே போதாதா என்ற கேள்வி எழலாம். ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகிய மூவரும் எட்எக்ஸ் தளத்தில் மாணவர்கள் பாடக் காணொலிகளைப் பார்த்த 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறும் ஸ்லைடு ஓடும் காணொலிகளைவிட, ஆசிரியரின் முகமும் இடையிடையே தெரியும் காணொலிகளை மாணவர்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று.

ஸ்டுடியோவும் எடிட்டரும் இருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு நாளைக்கு ஆறு வகுப்புகள் பதிவாகும் சாதாரணக் கல்லூரிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வகுப்பையும் ஒருவர் எடிட்டிங் மென்பொருளில் திறந்து, இரண்டு கோப்புகளையும் அருகருகே போட்டு, பொருத்தி, சட்டம் வைத்து, ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றால் சில வாரங்களிலேயே வேலை தேங்கிவிடும். அதனால் இந்த வேலையை ஆள் இல்லாமல் கணினியே செய்யும்படி அமைக்க வேண்டியிருக்கிறது. செய்யலாம். அதற்கான கருவிகளும் இலவசம்.

இதில் இறங்குபவர்கள் முதலில் எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைப்பது இந்த வேலையின் மிக எளிய பகுதி. அது ஒரே ஒரு கட்டளை. உண்மையான வேலை நேரத்தைப் பொருத்துவதில் இருக்கிறது. அதைச் செய்ய உதவுவது படம் அல்ல, ஒலி.

எங்கே தொடங்கியது?

மேலே சொன்ன வகுப்பையே எடுத்துக்கொள்வோம். உதவியாளர் முதலில் கேமராவை ஓடவிட்டார். ஆசிரியர் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு மேடைக்குப் போய், லேப்டாப்பில் திரைப்பதிவை அழுத்த முக்கால் நிமிடம் ஆனது. அதாவது, கேமராக் கோப்பின் 47-ஆவது விநாடிதான் ஸ்லைடு கோப்பின் தொடக்கம். இரண்டையும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், ஆசிரியர் முதல் ஸ்லைடைப் பற்றிப் பேசும்போது திரையில் மூன்றாவது ஸ்லைடு ஓடும்.

கோப்பிலேயே பதிவு தொடங்கிய நேரம் எழுதப்பட்டிருக்குமே, அதை வைத்துப் பொருத்தலாமே என்று தோன்றும். எழுதப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் முழு விநாடிக் கணக்கில்தான் இருக்கும். கேமராவின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டும் என்பதற்கும் உறுதியில்லை. கேமராவில் நேரத்தைக் கடைசியாக யார், எப்போது சரிசெய்தார்கள் என்பதே பல இடங்களில் தெரியாது.

திரைப்படப் படப்பிடிப்பில் இதற்குப் பழைய வழி உண்டு. கிளாப் பலகையைப் படார் என்று அடிப்பார்கள். பலகை மூடும் ஃபிரேம் படச்சுருளில் இருக்கும்; அடித்த சத்தம் தனியாக ஒலிநாடாவில் இருக்கும். எடிட்டர் இரண்டையும் சேர்த்துவிடுவார். வகுப்பறையிலும் ஆசிரியரை ஒருமுறை கைதட்டச் சொல்லலாம். ஆனால் தினமும் எல்லா ஆசிரியரும் மறக்காமல் தட்டுவார்கள் என்று நம்பி ஒரு தானியங்கி முறையை அமைக்க முடியாது.

தேவையும் இல்லை. லேப்டாப்பின் மைக்கும் கேமராவோடு இணைந்த காலர் மைக்கும் ஐம்பது நிமிடமும் ஒரே குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. லேப்டாப் மைக்கில் மின்விசிறி இரைச்சல் கலந்திருக்கும், குரல் மங்கியிருக்கும், பரவாயில்லை. எந்தச் சொல் எப்போது எழுந்தது, எங்கே இடைவெளி விழுந்தது என்ற ஏற்ற இறக்கம் இரண்டிலும் ஒன்றே. வகுப்பு முழுவதுமே ஒரு நீண்ட கிளாப் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி, இரண்டு காணொலிகளிலிருந்தும் ஒலியை மட்டும் பிரித்தெடுப்பது. இதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபேப்ரிஸ் பெலார்ட் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த மென்பொருள், இன்று காணொலியைக் கையாளும் எண்ணற்ற செயலிகளின் உள்ளே இருந்து வேலை செய்கிறது.

```
ffmpeg -i slides.mp4 -vn -ac 1 -ar 8000 slides.wav
ffmpeg -i camera.mp4 -vn -ac 1 -ar 8000 camera.wav
```

இங்கே ஒலி விநாடிக்கு 8000 மாதிரிகளாகக் குறைக்கப்படுகிறது. பழைய தொலைபேசிக் குரலின் தரம் அது. கேட்பதற்கு இனிமையாக இராது. ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாகப் போதும். இறுதிக் கோப்பில் இந்த ஒலி சேராது, முழுத் தரமுள்ள மூல ஒலிதான் சேரும் என்பதால் கவலையில்லை.

இரண்டாவது படி ஒப்பீடு. ஸ்லைடு கோப்பின் ஒலியிலிருந்து ஒரு நிமிடத் துண்டை எடுத்து, கேமரா ஒலியின் தொடக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டிலும் நேருக்கு நேர் வரும் எண்களைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். பிறகு துண்டை ஒரு மாதிரி அளவு தள்ளி வைத்து மறுபடி பெருக்கிக் கூட்ட வேண்டும். இப்படியே கடைசிவரை. தவறான இடத்தில் துண்டு நிற்கும்போது மேடும் பள்ளமும் தாறுமாறாக மோதி, பெருக்கல்கள் சில கூட்டலாகவும் சில கழித்தலாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். சரியான இடத்தில் மட்டும் மேட்டோடு மேடும் பள்ளத்தோடு பள்ளமும் சேர்வதால் கூட்டுத்தொகை சட்டென்று உயர்ந்து நிற்கும். அந்தச் சிகரம் எங்கே இருக்கிறதோ அதுவே துண்டின் இடம்.

நேரடியாகச் செய்தால் இது பயங்கரமான கணக்கு. ஒரு நிமிடத் துண்டில் 4,80,000 மாதிரிகள். 52 நிமிடக் கேமரா ஒலியில் ஏறத்தாழ 2.5 கோடி. எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கச் சுமார் 12 லட்சம் கோடிப் பெருக்கல்கள் வேண்டும். ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்ற முறை இங்கே கைகொடுக்கிறது. அந்த முறையில் இதே விடை சாதாரண லேப்டாப்பிலேயே சில விநாடிகளில் கிடைத்துவிடும். பைதானில் எழுதினால் மொத்த நிரலும் இவ்வளவுதான்:

```python
from scipy.io import wavfile
from scipy.signal import correlate

r, s = wavfile.read("slides.wav")
r, c = wavfile.read("camera.wav")
s, c = s.astype(float), c.astype(float)

def gap(t):
    a = s[t*r:(t+60)*r]
    k = correlate(c, a, method="fft")
    return (k.argmax() - len(a) + 1) / r - t

for t in (300, 1500, 2700):
    print(t, round(gap(t), 3))
```

ஸ்லைடு கோப்பின் 300-ஆவது விநாடியிலிருந்து ஒரு துண்டு, 1500-இலிருந்து ஒன்று, 2700-இலிருந்து ஒன்று என மூன்று இடங்களில் இந்த நிரல் சோதிக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கேமராக் கோப்பு ஸ்லைடு கோப்பைவிட எத்தனை விநாடி முன்னால் தொடங்கியது என்று சொல்கிறது. நம் வகுப்புக்கு விடை இப்படி வந்ததாகக் கொள்வோம்:

```
300 47.32
1500 47.38
2700 47.44
```

ஒரே இடத்தில் சோதித்தால் போதாதா, ஏன் மூன்று? இந்த மூன்று எண்களுக்குள்தான் அடுத்த சிக்கலும், அதைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கின்றன.

மூன்று எண்கள் சொல்லும் கதை

இரண்டு கோப்புகளும் ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் மூன்று எண்களும் ஒன்றாக இருந்திருக்கும். இங்கே ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் இடைவெளி 0.06 விநாடி கூடுகிறது. காரணம், ஒவ்வொரு கருவிக்குள்ளும் உள்ள குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் எடுக்க வேண்டும் என்று இரண்டு கருவிகளுக்கும் விதி. ஆனால் எது ஒரு விநாடி என்பதை அந்தந்தக் கருவியின் படிகமே தீர்மானிக்கிறது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு கைக்கடிகாரங்கள் சில வாரங்களில் வேறு வேறு நேரம் காட்டுவதைப் போல, இவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகின்றன. நம் வகுப்பில் 2400 விநாடிக்கு 0.12 விநாடி விலகல். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு.

இது பொருட்படுத்த வேண்டிய அளவா? யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடையே உள்ள பிசகைக் கண் எளிதில் பிடித்துவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.1359 பரிந்துரையின்படி, குரல் 45 மில்லி விநாடி முந்தினாலோ 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் அதைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஸ்லைடு மாறுவதில் கால் விநாடி முன்பின் ஆனால் யாருக்கும் தெரியாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. இறுதிக் கோப்புக்கான குரலை எப்போதும் முகம் இருக்கும் கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். கேமராவின் படமும் அதன் ஒலியும் ஒரே கருவியில், ஒரே கடிகாரத்தில் பதிவானவை. அவற்றைப் பிரிக்காமல் விட்டால் உதடும் குரலும் கடைசிவரை ஒட்டியே இருக்கும். மிச்சமிருக்கும் பிசகு எதுவானாலும் ஸ்லைடின் தலையில் போய் விழும், அது தாங்கும். காலர் மைக்கைக் கேமராவோடு இணைப்பதன் காரணம் இதுதான். மைக்கை லேப்டாப்பில் செருகிவிட்டுக் கேமராவை வெறுமனே ஓடவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது விலகலை மில்லி விநாடி அளவில் திருத்தினால்தான் முகம் பொருந்தும்.

காலர் மைக்கே இல்லாமல், கேமராவின் சொந்த மைக்கை நம்புவோருக்கு இன்னொரு சிறு சிக்கல் உண்டு. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் நிற்கும் கேமராவுக்குக் குரல் 29 மில்லி விநாடி தாமதமாகத்தான் வந்து சேரும். பரிந்துரையின் எல்லைக்குள் இருப்பதால் அதை விட்டுவிடலாம். அதைவிடப் பெரிய இழப்பு, அறையின் எதிரொலி முழுவதும் குரலில் ஏறிக்கொள்வது.

ஐம்பது நிமிட வகுப்பில் படிக விலகலால் ஸ்லைடு நகர்வது 0.15 விநாடிதான், திருத்தாமலே விடலாம். நான்கு மணி நேரப் பயிலரங்கில் அதே விலகல் 0.72 விநாடி ஆகும். அப்போது ஆசிரியர் சுட்டியை நகர்த்தி ஒரு சமன்பாட்டைக் காட்டுவதும், "இதோ இந்த உறுப்பு" என்று சொல்வதும் பொருந்தாமல் போகும். எண்கள் கையில் இருக்கும்போது திருத்துவது சுலபம் என்பதால் எல்லா வகுப்புக்கும் திருத்திவிடுவதே நல்லது. ஸ்லைடு காணொலியின் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் 1.00005-ஆல் பெருக்கினால் போதும். கோட்டைப் பின்னால் நீட்டிப் பார்த்தால் ஸ்லைடு கோப்பின் தொடக்கத்தில் இடைவெளி 47.305 விநாடி. இந்த இரண்டு எண்களே இணைப்புக்கு வேண்டியவை.

மூன்று எண்கள் வேறு மாதிரி வந்தாலும் அவை பேசும். விலகல் மணிக்கு 3.6 விநாடி அளவில் இருந்தால் அது படிகத்தின் குற்றமல்ல. விநாடிக்கு 29.97 ஃபிரேமில் எடுத்த படத்தை, வழியில் ஏதோ ஒரு மென்பொருள் 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரத்தில் ஒன்று என்ற அந்த விகிதமே அதன் அடையாளம். முதல் இரண்டு எண்களும் பொருந்தி, மூன்றாவது மட்டும் பன்னிரண்டு விநாடி கூடுதலாக வந்தால், நடுவில் யாரோ திரைப்பதிவைப் பன்னிரண்டு விநாடி நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். 1500-க்கும் 2700-க்கும் நடுவே மேலும் சில இடங்களில் சோதித்தால், நிறுத்திய இடத்தை நெருங்கிப் பிடித்துவிடலாம்.

மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்தால்? அப்போது ஒப்பீடே தோற்றிருக்கிறது. துண்டு எடுத்த நிமிடத்தில் மாணவர்கள் பயிற்சிக் கணக்குப் போட்டுக்கொண்டு அறை அமைதியாக இருந்திருக்கலாம். கேமரா ஒலியில் எங்கோ பலத்த கைதட்டலோ, மைக்கில் கை பட்ட இடிச்சத்தமோ இருந்து, அதன் வலிமையாலேயே பொய்ச் சிகரம் எழுந்திருக்கலாம். பெருக்கிக் கூட்டும் முறைக்கு இது இயல்பான பலவீனம். சத்தம் பெரிதாக உள்ள இடத்தில் கூட்டுத்தொகையும் பெரிதாக வரும். இன்னும் சில இடங்களில் துண்டு எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவை ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று சரிபார்ப்பது எளிய மருந்து.

திரைப்பதிவில் ஒலியே இல்லாவிட்டால் இந்த முறை முழுவதும் பயனற்றுப் போகும். நடைமுறையில் அடிக்கடி நேரும் தவறு இது. 'இறுதியில் எப்படியும் கேமராவின் குரலைத்தானே எடுக்கப் போகிறோம்' என்று நினைத்து, லேப்டாப் மைக்கை அணைத்துவிட்டுப் பதிவு செய்கிறார்கள். அந்தக் குரலை மாணவர்கள் கேட்கப் போவதில்லை என்பது சரி. கணினிக்கு அது வேண்டும். லேப்டாப் மைக்கை அணைக்கக்கூடாது என்ற ஒரு வரியைப் பதிவு அறையின் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

ஒரே கட்டளை

நேரம் பொருந்திவிட்டால் படத்தை இணைப்பது சட்டென்று முடிகிறது.

```
ffmpeg -ss 47.305 -i camera.mp4 -i slides.mp4 \
 -filter_complex "[1:v]setpts=1.00005*PTS,fps=25,scale=1920:1080[s];[0:v]fps=25,crop=1080:1080:420:0,scale=324:324[p];[s][p]overlay=W-w-24:24:shortest=1[v]" \
 -map "[v]" -map 0:a -shortest \
 -c:v libx264 -crf 21 -pix_fmt yuv420p \
 -c:a aac -b:a 128k -movflags +faststart lecture.mp4
```

முதல் வரி கேமராக் கோப்பின் முதல் 47.305 விநாடியைத் தாண்டித் தொடங்குகிறது. ஸ்லைடு கோப்பு முன்னதாகத் தொடங்கியிருந்தால் நிரல் தரும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். அப்போது `-ss` ஸ்லைடு கோப்புக்கு முன்னால் போக வேண்டும். அடுத்ததில் ஸ்லைடின் நேரம் நீட்டப்படுகிறது. இரண்டு படமும் விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற பொது வேகத்துக்கு வருகின்றன. கைப்பேசியைக் கேமராவாகப் பயன்படுத்துவோருக்கு இந்த `fps=25` மிக அவசியம். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். அதை நிலையாக்காவிட்டால் சில மென்பொருள்களில் படம் மெல்லப் பிசகும்.

கேமராப் படத்தின் நடுவிலிருந்து 1080-க்கு 1080 சதுரம் வெட்டப்பட்டு, 324-க்கு 324-ஆகச் சுருக்கப்படுகிறது. திரையின் மொத்தப் பரப்பில் இது ஐந்து சதவீதம். அகலப் படத்தை வெட்டாமல் அப்படியே சுருக்கினால், அந்தச் சிறிய சட்டத்தில் பாதிக்கு மேல் கரும்பலகையும் சுவரும்தான் இருக்கும். ஆசிரியரின் முகம் புள்ளியாகிவிடும். வெட்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. மேடையில் அங்குமிங்கும் நடக்கும் ஆசிரியர் சதுரத்தைவிட்டு வெளியே போய்விடுவார். அத்தகையவருக்குச் சதுரத்தைக் கைவிட்டு அகலச் சட்டமே வைக்கலாம். அல்லது பதிவின்போதே, நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்டிவிடலாம்.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதுதான் பார்வையாளர் அதிகம் உணரும் முடிவு. பெரும்பாலோர் கீழ் வலது மூலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் யூடியூப் போன்ற தளங்களில் கட்டுப்பாட்டுப் பட்டையும் வசன வரிகளும் கீழேதான் வருகின்றன; ஸ்லைடின் பக்க எண்ணும் அடிக்குறிப்பும் அங்கேதான் இருக்கின்றன. மேல் வலது மூலையில் பெரும்பாலும் கல்லூரிச் சின்னம்தான் இருக்கும், அதை மறைப்பதால் பாடம் கெடாது. மேலே உள்ள கட்டளை அங்கேதான் வைக்கிறது.

எதையும் மறைக்காத வழியும் ஒன்று இருக்கிறது. ஸ்லைடை அகலத் திரையில் தயாரிக்காமல் பழைய 4:3 விகிதத்தில் தயாரித்தால், 1920-க்கு 1080 திரையில் ஸ்லைடு 1440 அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் 480 புள்ளி அகலத்துக்கு ஒரு பத்தி முழுவதும் காலியாகக் கிடைக்கும். ஸ்லைடை இடப்பக்கம் ஒட்டி வைத்துவிட்டு, அந்தப் பத்தியில் ஆசிரியரை 480-க்கு 480 சதுரமாக, முன்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான பரப்பில் வைக்கலாம். ஒரு எழுத்துக்கூட மறையாது. ஸ்லைடுகள் ஏற்கெனவே அகல வடிவில் இருந்தால் அவற்றை 1440 அகலத்துக்குச் சுருக்க வேண்டும். எழுத்தும் நான்கில் ஒரு பங்கு சிறிதாகும். கைப்பேசியில் பார்ப்போருக்கு அது கணிசமான இழப்பு.

ஆளில்லாமல் நடக்க

இதுவரை சொன்னது ஒரு வகுப்புக்கு. தினமும் நடக்க வேண்டுமானால் முதலில் கோப்புகள் ஒழுங்காக வந்து சேர வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தேதியும் பாடக் குறியீடும் கொண்ட ஒரு கோப்புறை. அதற்குள் ஸ்லைடு ஒன்று, கேமரா ஒன்று. பெயர் எப்போதும் ஒன்றே: `slides.mp4`, `camera.mp4`. இரவில் ஒரு நிரல் எல்லாக் கோப்புறைகளையும் வரிசையாகத் திறந்து, ஒலியைப் பிரித்து, மூன்று இடத்தில் ஒப்பிட்டு, இணைத்து, `lecture.mp4` என்று எழுதி வைக்கும்.

கேமரா இந்த ஒழுங்கைக் கலைக்கும் இடம் ஒன்று உண்டு. எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைத்த மெமரி கார்டில் எந்தக் கோப்பும் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும் கேமரா சுமார் 24 நிமிடத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். உடனே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். ஐம்பது நிமிட வகுப்பு மூன்று கோப்பாகக் கிடைக்கும். முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இணைத்தால் பாடம் பாதியில் நின்றுவிடும். துண்டுகளின் பெயர்களை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதிக்கொடுத்தால் எஃப்எஃப்எம்பெக் அவற்றைத் தரம் குறையாமல் ஒட்டிவிடும்:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy camera.mp4
```

ஒட்டிய இடத்தில் சில கேமராக்கள் ஓரிரு ஃபிரேமை இழப்பதுண்டு. அதையும் மூன்று எண்களே காட்டிக்கொடுக்கும்.

நிரலுக்குள் இருக்க வேண்டிய மிக முக்கியமான வரி, எப்போது நிறுத்த வேண்டும் என்பது. மூன்று எண்களும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் இணைக்கக்கூடாது. அந்தக் கோப்புறையைத் தனியாக ஒதுக்கிவைத்து, காரணத்தையும் மூன்று எண்களையும் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். நடுப்புள்ளி, மற்ற இரண்டையும் சேர்க்கும் கோட்டிலிருந்து 0.05 விநாடிக்கு மேல் விலகினால் நிறுத்து என்பது பயன்படத்தக்க எல்லை. காலையில் பொறுப்பாளர் எல்லா வகுப்பையும் பார்க்க வேண்டியதில்லை. ஒதுங்கிக் கிடப்பதை மட்டும் பார்த்தால் போதும். இந்தச் சோதனை இல்லாத நிரல், பிசகிய கோப்பையும் எந்தப் புகாரும் இல்லாமல் எழுதி முடிக்கும். தவறு மாணவர் சொல்லித்தான் தெரியவரும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் இதே வேலைக்கு ஓப்பன்காஸ்ட் என்ற திறமூல அமைப்பைப் பயன்படுத்துகின்றன. மேட்டர்ஹார்ன் என்ற பெயரில் தொடங்கிய இதன் முதல் பதிப்பு 2010-இல் வெளிவந்தது. வகுப்பறையில் இருக்கும் ஒரே பதிவுக் கணினி, ஸ்லைடையும் கேமராவையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். பதிவு முடிந்ததும் `presenter/source`, `presentation/source` என்ற அடையாளங்களோடு இரண்டும் சேவைக் கணினிக்குப் போய்ச் சேரும். அங்கே `composite` என்ற படி இரண்டையும் ஒரே படமாக்குகிறது. அந்தப் படிக்குள்ளும் வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக்தான். இரண்டு உள்ளீடும் ஒரே கணினியில், ஒரே நேரத்தில் பதிவாவதால் இங்கே பொருத்தும் சிக்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை. கருவிக்குச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு இது நேர்வழி.

செலவில்லாத குறுக்குவழி ஒன்றும் உண்டு. ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் கேமராவையும் திரையையும் ஒரே காட்சியாக அமைத்துவிட்டால், வகுப்பு நடக்கும்போதே இணைந்த கோப்பு உருவாகிவிடும். ஒரே கேள்வி, தவறினால் என்ன செய்வது என்பது. ஆசிரியரின் சட்டம் ஒரு வரைபடத்தின் முக்கியமான பகுதியை ஐந்து நிமிடம் மறைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தால், அந்த வரைபடம் போனது போனதுதான். அடியில் இருந்த ஸ்லைடு தனியாக எங்கும் பதிவாகவில்லை. தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு இணைக்கும் முறையில், `overlay` என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள இரண்டு எண்களை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும்.

இணைத்த கோப்பை மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் பொறுப்பாளர் பார்க்க வேண்டியவை சில நிமிடங்களே. தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில், ஆசிரியர் ஸ்லைடை மாற்றும் தருணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அவர் கை பொத்தானை அழுத்துவதும் ஸ்லைடு மாறுவதும் சேர்ந்து நடக்கின்றனவா, உதடும் குரலும் சேர்ந்திருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு எல்லா வகுப்புக்கும் இதைச் செய்துவிட்டு, பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். மூல கோப்புகள் இரண்டையும் பருவத் தேர்வு முடியும்வரையாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே பாடத்தைக் கைப்பேசிக்கு ஏற்ற வேறு வடிவத்தில் தர வேண்டும் என்றால், வகுப்பை மறுபடி எடுக்கத் தேவையில்லை. நிரலை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.